தப்பாகச் சுட்ட தோசைகள்

நம் தோட்டப்புறக் கதைகளில் அம்மாக்கள் சுட்ட தோசைகளில் பெரும்பாலானவற்றை யாராலும் தின்ன முடியாது. பாதி வேகாதவை. மீதி, தோசைக்கல்லே இல்லாமல் காற்றில் சுடப்பட்டவை. இதை நக்கலுக்காகச் சொல்லவில்லை. சிரம்பான் வட்டாரத்தில் நடந்த ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்தபோது கட்டுக்கட்டாகக் கதைகளைப் படித்தேன். அம்மா, தோசை, ஆவி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும் கதைகள் அலுத்துப்போகும் அளவுக்கு இருந்தன. எழுதியவர்களில் பலர் இளைஞர்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த அம்மாவின் கை எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை.

யாரையும் தனியாகப் பிடித்து அடிக்க விருப்பமில்லை. அதனால் அந்தக் கதைகளின் சாரத்தைப் பிழிந்து நானே ஒரு பத்தி எழுதிக்கொள்கிறேன். எந்த ஒருவருடைய பத்தியும் இல்லை இது. ஆனால் படித்ததும் 'இது நான் எழுதியதாச்சே' என்று பலருக்குத் தோன்றும்.

"விடியற்காலை. அம்மா அடுப்படியில் நின்று ஆவி பறக்கத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னிறத் தோசையிலிருந்து எழுந்த ஆவி, சன்னல் வழியே நுழைந்த இளவெயிலில் கோலமிட்டது. ஒரு கையில் கரண்டி, மறு கையால் என் தலையைக் கோதியபடி, 'நல்லாப் படிக்கணும்பா' என்றாள். பிறகு முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பால்மரக்காட்டுக்குக் கிளம்பினாள்."

வாசித்தால் கண் கலங்கும். கலங்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் இதில் ஒரு பொருள்கூடச் சரியான இடத்தில் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த இளவெயில். மரம் வெட்டுகிறவள் ஏன் இருட்டோடு எழுந்தாள்? காலைக் குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் பொழுது புலரும் முன்பே பெரட்டு. நம் நாட்டில் சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டி. இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். எழுபதுகளில் நடக்கும் கதையில் சூரியன் ஆறரைக்கு உதித்தால் சரி, இன்றைய கதையில் ஆறரைக்கு வெளியே கும்மிருட்டு. எப்படிப் பார்த்தாலும், பெரட்டுக்குப் போக வேண்டியவள் அடுப்பு முன்னால் இருக்கும் நேரத்தில் வெயில் கிடையாது. அவளுக்கு வெளிச்சம் இரண்டே இடத்திலிருந்துதான்: ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, இல்லாவிட்டால் அடுப்பின் வாய். அந்த வெளிச்சம் கீழேயிருந்து வரும். தாடைக்கும் மூக்கின் அடிப்பக்கத்துக்கும் விழும். கண்குழி இருட்டாகவே இருக்கும். பிள்ளை அந்த நேரத்தில் அம்மாவைப் பார்த்திருந்தால் அந்த முகம்தான் மனதில் நின்றிருக்கும். சினிமாவில் பார்த்த அம்மாவுக்குத்தான் பக்கவாட்டு வெயில்.

அடுத்தது அன்றைய கிழமை. வேலை நாளில் தோசையா? கணக்குப் போடுங்கள். வீட்டுக் கல்லில் ஒரு தோசைக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஆறு பேர் உள்ள வீடு, தலைக்கு மூன்று என்றால் பதினெட்டுத் தோசை. முப்பத்தாறு நிமிடம். அடுப்பு மூட்டிக் கல் காய ஒரு கால் மணி. சட்னிக்குத் தேங்காய் துருவி அம்மியில் அரைக்க இன்னொரு கால் மணி. அதற்கு மேல் சின்னதுகளை எழுப்பி ஆயாக்கொட்டகையில் விட வேண்டும். ஐந்தரைக்குப் பெரட்டு என்றால் அவள் மூன்றரை மணிக்கே எழ வேண்டும். அதற்கு முந்தைய நாளே அரிசி உளுந்து ஊறவைத்து, வெட்டிவிட்டு வந்த கையோடு சாயங்காலம் ஆட்டுக்கல்லில் உட்கார வேண்டும். ஆட்டுவது ஒரு தனி வேலை. ஒரு காலை நீட்டி, வலக்கையால் குழவியைச் சுற்ற, இடக்கையால் மாவை உள்ளே தள்ளித் தள்ளி முக்கால் மணி நேரம். நாள் முழுக்க மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்த முதுகு அது.

நான் வளர்ந்த லயத்தில், ரந்தாவ் பக்கம், வேலை நாளில் பசியாறுதல் என்றால் பழைய சோறு, இல்லை கோப்பியில் நனைத்த ரொட்டி, இல்லை அவித்த மரவள்ளி. தோசை ஞாயிற்றுக்கிழமைக்கு. தீபாவளிக்கு. யாராவது விருந்தாளி வந்தால். சனிக்கிழமை சாயங்காலம் லயத்தில் ஆட்டுக்கல் சத்தம் வீடு வீடாக ஓடும், அதை வைத்தே நாளைக்கு யார் வீட்டில் தோசை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் மாவை மறுநாள் மறுநாள் என்று தள்ளவும் முடியாது. நம்ம ஊர்ச் சூட்டில் ஒரு ராத்திரியிலேயே பொங்கிவிடும், அடுத்த ராத்திரிக்குள் புளித்து நாறும். சனிக்கிழமை ஆட்டினால் ஞாயிற்றுக்கிழமை சுட்டே ஆக வேண்டும்.

இதில் என்ன போச்சு என்று கேட்கலாம். நிறையப் போச்சு. தினமும் தோசை சுடும் அம்மாவை எழுதும்போது அவளுடைய வேலை நேரத்தையே கதையிலிருந்து அழித்துவிடுகிறோம். அவள் கூலிக்கு மரம் வெட்டியவள் என்பது கடைசி வரியில் வரும் ஒரு தகவலாக ஆகிவிடுகிறது. தோசை எப்போது சாத்தியம், எப்போது சாத்தியமில்லை என்பதில்தான் தோட்டத்தின் மொத்தக் கால அட்டவணையும் இருக்கிறது. ஒரு புதன்கிழமை அந்த வீட்டில் தோசை சுட்டால், வாசகன் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஏதோ நடந்திருக்கிறது. அவள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

மூன்றாவது, 'நின்று'. எந்த அடுப்பு? தரையோடு கட்டிய மண்ணடுப்பு என்றால் நிற்க முடியாது. குந்துவாள், இல்லை சின்னப் பலகையில் உட்காருவாள். ஒரு முழங்கால் மடங்கித் தரையோடு, மற்றது மார்பு உயரத்துக்கு. கைலியைத் தொடைக்கு நடுவே ஒதுக்கிச் செருகியிருப்பாள், தீ பக்கத்தில் இருக்கிறதே. அடுப்பின் வாய்க்கு நேராக யாரும் உட்காருவதில்லை. கொஞ்சம் சாய்ந்து ஓரமாக, புகை முகத்தில் அடிக்காத பக்கம். சூடு முதலில் முழங்காலுக்குக் கீழே கணுக்காலெலும்பில்தான் உறைக்கும். முகம் அப்புறம். மேடை கட்டி அடுப்பை உயர்த்திய லயங்களும் உண்டு. அங்கே நிற்பார்கள். ஆனால் அந்த மேடை எந்த உயரம், அவள் குனிந்தாளா, முழங்கை எங்கே இருந்தது என்பது எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்து சுடும் கையும் நின்று சுடும் கையும் ஒன்றல்ல. உட்கார்ந்தால் கல் ஏறத்தாழ முழங்கை மட்டத்துக்கு வந்துவிடும், மாவைத் தேய்க்கும்போது முழங்கை வெளியே விரியும், வட்டம் தோளிலிருந்து பிறக்கும். நின்றால் கல் இடுப்பளவில், கை மேலேயிருந்து கீழே தொங்கும். அப்போது வட்டம் முழங்கைக்குக் கீழே பிறக்கும். சிரம்பான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒட்டுக்கடையில் தோசை போடுகிறவரை ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். மேசை அகலத்துக்கு ஒரே இரும்புப் பலகை. வாளித் தண்ணீரை அள்ளித் தெளித்து ஈர்க்குமாற்றால் ஒரே இழுப்பு. பிறகு கிண்ணத்தில் மாவு மொண்டு வரிசையாக ஆறு. ஆறாவதை ஊற்றும்போது முதலாவதுக்கு எண்ணெய் நேரம். அவர் கால்கள் நடக்கின்றன. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். தோசை சுடுவது அங்கே நடக்கிற வேலை. லயத்து அம்மாவுக்கு அது அசையாமல் உட்காருகிற வேலை. இரண்டுக்கும் ஒரே 'சுட்டாள், சுட்டார்' போட்டால் இரண்டு பேருமே காணாமல் போவார்கள்.

நான்காவது, கைகள். 'ஒரு கையில் கரண்டி, மறு கையால் தலையைக் கோதி.' இந்த மறு கை எங்கிருந்து கிடைத்தது?

விறகடுப்பில் வலக்கை மாவுக்கு, இடக்கை நெருப்புக்கு. காஸ் அடுப்பில் குமிழைத் திருகினால் தீ அடங்கும். விறகடுப்பில் தீயை அடக்க ஒரே வழி, எரியும் கட்டையை வெளியே இழுப்பது. கூட்ட ஒரே வழி, உள்ளே தள்ளுவது. காய்ந்த ரப்பர் கட்டை சடசடவென்று பிடித்துக்கொள்ளும். ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் நடுவில் தீ மாறிவிடும். ஆகவே இடக்கை ஓயாமல் கட்டைகளோடு பேசிக்கொண்டே இருக்கும். தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கல்லைத் துணியால் பிடித்துத் திருப்புவதும் அந்தக் கைதான். மாவு அடியில் போய்விட்டால் சட்டியைச் சரித்துக்கொடுப்பதும் அதுதான். கரி, சூடு, சாம்பல் படிந்த அந்தக் கையால் பிள்ளை தலையைக் கோதமாட்டாள். அவசரத்துக்குப் புறங்கையால் தள்ளுவாள்: "எட்டிப் போடா, தீக்கிட்ட வராத."

வலக்கையில் மூன்று கருவிகள் மாறி மாறி வரும். மாவுக்கரண்டி, எண்ணெய்க்கு ஒரு சின்னக் கரண்டி, திருப்புவதற்குத் தோசைக் கரண்டி. ஒன்றை வைத்தால்தான் இன்னொன்று. அவள் எதை எங்கே வைத்தாள் என்று ஒரே ஒரு இடத்தில் சரியாக எழுதினால் போதும், அந்த அடுப்படி முழுக்க நமக்குத் தெரிந்துவிடும். மாவுக்கரண்டி மாவுச்சட்டிக்குள்ளேயே போகும். வெளியே வைத்தால் காய்ந்து ஒட்டும், ஈ மொய்க்கும்.

இனி அந்தத் தேய்ப்பு. நம் கதைகளில் யாருமே எழுதாத ஐந்து விநாடி அது. மாவு நடுவில் விழுந்ததும் கரண்டியின் தட்டையான அடி மாவின் மேல் மிதக்க வேண்டும், கல்லைத் தொடக் கூடாது. நடுவிலிருந்து வெளியே வெளியே வட்டம். மணிக்கட்டு அழுத்தக் கூடாது. அழுத்தினால் கிழியும். கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் மாவு விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, தேய்க்கும்போது கரண்டியோடு சுருண்டு எழும்பி வந்துவிடும். கல் காயவில்லை என்றால் மாவு வழவழவென்று பரவும், ஆனால் கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்த்தால்தான் வரும். முதல் தோசை பல வீடுகளில் கெடுவதற்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பது அதற்குத்தான். துளி அப்படியே உட்கார்ந்து மெல்லக் கொதித்தால் இன்னும் காயணும். பாதரசம் மாதிரி உருண்டு ஓடினால் அதிகம், இன்னும் கொஞ்சம் தெளித்துத் துடைக்கணும். விழுந்ததும் 'சுர்'ரென்று ஓரிரு நொடியில் மறைந்தால் ஊத்தலாம். அந்த ஐந்து விநாடியில் எந்த அம்மாவும் பேசமாட்டாள். பார்வை கரண்டியில் இருக்கும். மூச்சையே கொஞ்சம் நிறுத்திவைத்திருப்பாள். பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் வட்டம் முடிந்த பிறகுதான் வரும்.

ஐந்தாவது, ஆவி. இதுதான் என் முக்கியமான சண்டை.

'பொன்னிறத் தோசையிலிருந்து எழுந்த ஆவி' என்று எழுதுகிறவர் தோசை சுட்டதில்லை, சுடுவதைப் பார்த்ததும் இல்லை. தோசை மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை மாவின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, வருகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். சிவப்பு ஏறுவதற்கு அதைவிட நல்ல சூடு வேண்டும். ஆகவே ஆவி பலமாக எழும்போது தோசை வெள்ளையாக இருக்கும். ஆவி அடங்கும்போதுதான் அடியில் நிறம் வரும், ஓரம் கல்லைவிட்டுத் தூக்கும். அனுபவமுள்ளவள் தோசையைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆவி குறைவதைப் பார்ப்பாள், சத்தம் மாறுவதைக் கேட்பாள். ஈரச் சத்தம் போய் எண்ணெயின் உலர்ந்த சத்தம் வந்தால் கரண்டியை எடுப்பாள். இருட்டில் சுடுகிறவளுக்குக் காதுதான் கண்.

ஒரு தோசைக்கு ஆவி மூன்று தடவை வரும். முதலாவது, கல்லைத் தணிக்கத் தண்ணீர் தெளிக்கும்போது. அது ஒரே வீச்சில் முகத்துக்கு எழுந்து நொடியில் கரையும். அப்போது தலை தானாகப் பின்னால் போகும். இரண்டாவது, மாவு தேய்த்த பிறகு. கண் கண்ணாகத் துளை விழும், அந்தத் துளைகள் வழியே மெல்லிய ஆவி கல் முழுக்கப் பரவலாக எழும். இது அரை நிமிடத்துக்கு நிற்கும், பிறகு தேயும். மூன்றாவது, திருப்பிப் போடும்போது. ஈரமான மேல்பக்கம் கல்லில் பட்டதும் உள்ளே ஆவி மாட்டிக்கொள்ளும், தோசை ஒரு மூச்சு விடுவதுபோல் உப்பி எழுந்து ஓரங்கள் வழியே சீறும். மூன்றும் மூன்று வகை. வேகம் வேறு, சத்தம் வேறு, உடம்பு அதற்குத் தரும் பதில் வேறு. நம் கதைகளில் இவை மூன்றும் 'ஆவி பறக்க' என்ற இரண்டே சொல்லில் செத்துப் போகின்றன.

நான்காவதாக ஓர் ஆவி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. சுட்ட தோசைகளைச் சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினால் ஆவி உள்ளேயே கோத்துத் தண்ணீராகி, அடித்தோசை நொதநொதத்துப் போகும். காட்டுக்குக் கொண்டுபோக தூக்குச்சட்டியில் வைக்கும்போது ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். நேரமில்லாதவள் ஆறும்முன் மூடுவாள். பத்து மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து அதைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் துளித்துளியாக வேர்த்திருக்கும், தோசை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிய்த்துத்தான் தின்ன வேண்டும். தோட்டத்தில் நேரம் யார் கையில் இருந்தது என்பதற்கு இந்த ஒட்டிய தோசையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. எழுத வேண்டிய ஆவி இது.

புகையையும் ஆவியையும் குழப்புவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விறகடுப்பில் கண்ணை எரிப்பது புகை, ஆவி அல்ல. புகை கூரைக்குப் போய்த் தகரத்தில் கறுப்பாகப் படியும், முடியில் நாறும். ஆவி எதையும் விட்டுவைக்காமல் மறையும். 'ஆவியில் அம்மாவின் கண் கலங்கியது' என்று எழுதிவிட்டு, அது கண்ணீரா ஆவியா என்று பூடகம் காட்டுகிறார்கள். புகை என்று எழுதினாலாவது அந்தப் பூடகத்துக்கு ஒரு நியாயம் இருக்கும்.

ஆறாவதும் கடைசியும், 'வார்த்துக்கொண்டிருந்தாள்' என்ற வினை. தமிழ்நாட்டில் சில வீடுகளில் தோசை வார்ப்பார்கள். நான் பிறந்து வளர்ந்த லயத்தில் யாரும் வார்த்ததில்லை. தோச சுட்டாங்க, தோச ஊத்துனாங்க. "எனக்கு இன்னும் ஒன்னு ஊத்துமா" என்பதுதான் பிள்ளையின் குரல். வினை மாறினால் வீடு மாறும், சாதி மாறும், ஊர் மாறும். ரந்தாவ் லயத்துக்குள் பத்திரிகைக் கதையிலிருந்து ஒரு வினையைக் கடன் வாங்கி வந்து உட்காரவைக்காதீர்கள்.

இப்போது எனக்கு வரும் பதில் தெரியும். 'கதை சமையல் குறிப்பு இல்லை சார். உணர்வுதான் முக்கியம்.' இளைஞர்கள் மட்டுமல்ல, மூத்தவர்களும் சொல்கிறார்கள். நான் கேட்பது சமையல் குறிப்பு அல்ல. சமையல் குறிப்பில் உடம்பு கிடையாது. அங்கே 'ஒரு கரண்டி மாவை ஊற்றவும்' என்று யாருமில்லாத கட்டளைதான் இருக்கும். நான் கேட்பது அந்த யாருமில்லாத இடத்தில் ஓர் ஆளை உட்காரவைப்பது. உணர்வு வேண்டும் என்றால் உணர்கிற உடம்பு எங்கே என்று முதலில் சொல்லுங்கள்.

வெறுமனே குறைசொல்லிப் போகக் கூடாது என்பதால் அதே காட்சியை எழுதிப் பார்க்கிறேன். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்த காலம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் வட்டாரத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக ஆனபோது பல குடும்பங்களுக்கு நேர்ந்தது. மகன் அந்தச் செய்தியோடு வருகிறான்.

"புதன்கிழமை. அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. பலகையில் உட்கார்ந்து தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். 'கிராணி லெட்டர் குடுத்தாரும்மா' என்றேன். கரண்டி நடுவிலிருந்து வெளியே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. வட்டம் முடிந்ததும் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். 'எத்தன நாள்?' 'மூனு மாசம்.' தோசை கண் கண்ணாகத் திறந்துகொண்டு ஆவி விட்டது. அவள் இடக்கையால் ஒரு கட்டையை வெளியே இழுத்துச் சாம்பலில் அழுத்தினாள். ஆவி அடங்கிற்று. அவள் திருப்பவில்லை. ஓரம் கறுத்து வாடை வந்தது. 'அம்மா, தீயுது' என்றேன். 'தெரியுது' என்றாள்."

பெரிய கதை இல்லை இது. ஆனால் அந்தத் தோசை ஏன் தீய்ந்தது என்று வாசகனுக்குத் தெரியும். அவள் அழுதாளா என்று நான் சொல்லவில்லை. ஆவி அடங்கியதும் திருப்ப வேண்டும் என்பதை அந்தக் கையை விட அதிகம் அறிந்த கை இல்லை. அந்தக் கை அசையவில்லை. அவ்வளவுதான். இதைச் செய்ய உவமை எதுவும் தேவைப்படவில்லை. தோசை எப்போது திருப்பப்பட வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். அது தெரியாதவர் என்ன செய்வார்? 'அம்மாவின் கண்களில் நீர் கோத்தது' என்று எழுதுவார். எழுதத்தானே வேண்டும், வேறு வழி?

இன்னொன்றையும் கவனியுங்கள். நான் மேலே சொன்ன அத்தனையையும் அந்தப் பத்தியில் போடவில்லை. தண்ணீர் தெளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, முழங்கால் இல்லை. தெரிந்ததையெல்லாம் கொட்டினால் கதை மாவுச்சட்டி மாதிரி பொங்கி வழியும், அதுவும் ஒரு நோய்தான். சமீபத்தில் சிலர் எதிர்ப்பக்கம் போய், உளுந்து கழுவுவதிலிருந்து பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதிலும் அம்மாவைக் காணோம், பாத்திரம் பண்டம்தான் இருக்கிறது. அளவு இதுதான்: அந்த நேரத்தில் பாத்திரத்தின் மனசு எந்தச் செய்கையைக் கெடுக்குமோ, அல்லது எந்தச் செய்கைக்குள் ஒளிந்துகொள்ளுமோ, அந்த ஒன்றை மட்டும் சரியாக எழுதுங்கள். மீதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் 'தோசை தின்றான்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அதில் வெட்கமில்லை. பொய்யான ஆவியை விடுவதுதான் வெட்கம்.

இன்றைய எழுத்தாளர்கள் பலர் லயத்தில் பிறக்கவில்லை. தாமான் வீட்டில், காஸ் அடுப்பில், ஒட்டாத கல்லில் சுட்ட தோசையைத் தின்று வளர்ந்தவர்கள். அது குற்றமில்லை. அந்த அடுப்படியை எழுதுங்களேன். ஒட்டாத கல்லில் அளவுக்கு மீறித் தேய்த்தால் மாவு வழுக்கி ஓடும், கரண்டியோடு முழுத் தோசையும் சுற்றும். இடக்கை நெருப்பிலிருந்து விடுதலையாகியிருக்கிறது. அந்தக் கை இப்போது என்ன செய்கிறது? கைப்பேசியைப் பிடித்திருக்கிறதா, இடுப்பில் ஊன்றியிருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளிப்பையை மூடுகிறதா? முப்பது நாற்பது வருடங்களில் நம் பெண்களின் இடக்கைக்கு என்ன ஆயிற்று என்பது ஒரு நாவலுக்கான கேள்வி. அதை விட்டுவிட்டு, பாட்டி காலத்து ஊதாங்குழலைக் கடன் வாங்கி, ஊதத் தெரியாமல் ஊதிக்கொண்டிருக்கிறோம்.

லயத்தை எழுதியே தீருவேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அந்தக் கைகள் இன்னும் சில உயிரோடு இருக்கின்றன. லாபுவிலும் ரந்தாவிலும் சிரம்பான் தாமான்களிலும், பிள்ளைகள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. போய், 'உங்க காலத்துல எப்படி இருந்துச்சு பாட்டி' என்று கேட்காதீர்கள். அதற்கு வருவது கஷ்டப்பட்டோம் என்ற பொதுப் பதில்தான். 'கல்லு காஞ்சிருச்சான்னு எப்படிப் பாப்பீங்க?' என்று கேளுங்கள். 'வெறகு எந்தக் கையில தள்ளுவீங்க?' என்று கேளுங்கள். வாய் பதில் சொல்லும் முன்பே கை எழும்பி வெறும் காற்றில் செய்துகாட்டும். அதை எழுதிக்கொள்ளுங்கள்.